செங்குத்தில் நடுங்கும் விமானம்

கேள்வி: ஐயா, கணினியில் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிடும் நிரல் எழுதி வருகிறேன். முதலில் அதன் நிலையை யா, பிட்ச், ரோல் என்ற மூன்று கோணங்களில் வைத்திருந்தேன். மூக்கு நேர் மேலே பார்த்ததும் கட்டுப்பாடு குழம்பியது. இதற்குக் கிம்பல் லாக் என்று பெயர், குவாட்டர்னியனுக்கு மாறிவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். மாறிவிட்டேன். ஆனாலும் விமானம் செங்குத்தாக ஏறியதும் அங்கேயே நின்று நடுங்குகிறது. பின்னால் கவிழ்ந்து முழு வட்டம் அடிக்க மறுக்கிறது. விமானத்தைத் தொடரும் காமிரா, 10 டிகிரி திரும்ப வேண்டிய இடத்தில் சில சமயம் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது. குவாட்டர்னியனில் இருக்கும் நான்கு எண்களுக்கு என்னதான் பொருள்? எல்லாச் சூத்திரத்திலும் ஏன் பாதிக் கோணம் வருகிறது? என் நிரலில் விமானத்தைத் திருப்பும் பகுதி இதுதான்:

```
a = to_euler(q)
a.pitch += rate * dt
q = from_euler(a)
```

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று வரிகளிலேயே நோய் தெரிகிறது. விமானத்தின் நிலையைக் குவாட்டர்னியனாகச் சேமிக்கிறீர்கள். ஆனால் அதைத் திருப்பும் வேலையை இன்னமும் கோணங்களிடமே கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் q-வைக் கோணங்களாகப் பிரித்து, பிட்சைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி q ஆக்குகிறீர்கள். பெட்டி மாறியதே தவிர உள்ளே இருக்கும் சரக்கு பழையதுதான்.

நடுக்கம் எப்படி வருகிறது என்பதை எண்களில் பார்த்துவிடலாம். விமானத் துறையில் வழங்கும் வரிசையை எடுத்துக்கொள்கிறேன். முதலில் யா, அதாவது மூக்கு இடம் வலமாகத் திரும்புவது. அடுத்து பிட்ச், மூக்கு மேலே கீழே போவது. கடைசியில் ரோல், மூக்கையும் வாலையும் இணைக்கும் கோட்டைச் சுற்றி உருள்வது. உங்கள் விமானம் யா 0, ரோல் 0 என்ற நிலையில் ஏறிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் பிட்ச் 1 டிகிரி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 88, 89, 90 வரை வம்பில்லை. அடுத்தது 91. இந்த நிலையை q ஆக்கிச் சேமிக்கிறீர்கள், அதிலும் தவறில்லை.

அடுத்த சுற்றில் to_euler அதைத் திரும்பப் படிக்கிறது. பிட்ச் −90-க்கும் +90-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே 91 என்று அது சொல்லாது. யா 180, பிட்ச் 89, ரோல் 180 என்று சொல்லும். இது பொய் அல்ல. அதே நிலைக்கு இன்னொரு முகவரி. ஆனால் நீங்கள் அந்த 89-உடன் 1 கூட்டுகிறீர்கள். இப்போது பிட்ச் 90. மேலே தாண்டிப் போன மூக்கு ஒரு படி பின்வாங்கிச் செங்குத்துக்கே வந்துவிட்டது. அடுத்த சுற்றில் மறுபடி 91, அதற்கடுத்ததில் மறுபடி 90. நீங்கள் திரையில் பார்க்கும் நடுக்கம் இதுதான்.

செங்குத்தில் மட்டும் ஏன் இந்தக் கூத்து? மூன்று கோணம் என்பது திருப்பத்தைப் பற்றிய விவரம் அல்ல, அதைச் செய்வதற்கான செய்முறை: முதலில் இது, பிறகு அது, கடைசியில் மற்றொன்று. நடுவில் உள்ள பிட்ச் 90 ஆகும்போது, முதல் திருப்பத்தின் அச்சும் கடைசித் திருப்பத்தின் அச்சும் ஒரே கோட்டில் வந்து படிகின்றன. யா 30, பிட்ச் 90, ரோல் 0 என்று போட்டுப் பாருங்கள். பிறகு யா 40, பிட்ச் 90, ரோல் 10 என்று போட்டுப் பாருங்கள். விமானம் இம்மியும் மாறாமல் அதே நிலையில் நிற்கும். அங்கே யாவிலிருந்து ரோலைக் கழித்தால் கிடைப்பது மட்டுமே பொருளுள்ள எண். கையில் மூன்று கைப்பிடிகள், அவற்றில் இரண்டு ஒரே வேலையைச் செய்கின்றன. மூன்றாவது திசையில் திருப்பக் கைப்பிடி இல்லை. வட துருவத்தில் நிற்பவரிடம் உங்கள் தீர்க்கரேகை என்ன என்று கேட்பதைப் போன்றது இது. அவர் நிற்கும் நிலத்தில் கோளாறு இல்லை; கோடு போட்ட முறையில்தான் கோளாறு.

சரியாக 90-இல் மட்டும்தானே, அதைத் தவிர்த்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அதன் அக்கம்பக்கமும் மோசமானது. பிட்ச் 89-இல் விமானத்தைப் பக்கவாட்டில் 1 டிகிரி வேகத்தில் திருப்ப வேண்டுமென்றால், யா கோணம் ஏறக்குறைய 57 மடங்கு வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். 89 டிகிரியின் கொசைன் வகுக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வதால் வரும் வினை அது.

கிம்பல் லாக் என்ற பெயர் இரும்பும் பித்தளையுமாக இருந்த காலத்தது. அப்போலோ விண்கலத்தின் திசைகாட்டும் மேடை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்களில் தொங்கியது. நடு வளையம் 70 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போலோ 11-இல் சென்ற மைக்கேல் காலின்ஸ், கிறிஸ்துமஸ் பரிசாக நான்காவது வளையம் ஒன்றை அனுப்பக்கூடாதா என்று தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தாரைக் கேலியாகக் கேட்டது பதிவாகியிருக்கிறது. அங்கே மாட்டிக்கொண்டது நிஜமான வளையங்கள். உங்கள் நிரலில் வளையமே இல்லை. to_euler என்ற ஒரு வரி அதை வரவழைத்துக்கொண்டிருக்கிறது.

இனி நான்கு எண்களுக்கு வருவோம். ஒரு பொருளை எத்தனை தடவை எப்படித் திருப்பினாலும், தொடக்க நிலையிலிருந்து கடைசி நிலைக்கு ஏதோ ஓர் அச்சைச் சுற்றி ஒரே ஒரு திருப்பத்தில் வந்துவிடலாம். இதை நிறுவியவர் ஆய்லர். வம்பு செய்யும் மூன்று கோணங்களும் அவர் பெயரில்தான் வழங்குகின்றன. அவற்றிலிருந்து தப்பிக்கும் வழியும் அவருடையதே. குவாட்டர்னியன் அந்த ஒற்றைத் திருப்பத்தை எழுதி வைக்கிறது. அச்சின் திசை (a, b, c), அதன் நீளம் 1, திருப்பும் கோணம் θ என்றால், நான்கு எண்கள் இவை:

```
w = cos(θ/2)
x = a * sin(θ/2)
y = b * sin(θ/2)
z = c * sin(θ/2)
```

நான்கின் வர்க்கங்களையும் கூட்டினால் 1 வரும். அலகு குவாட்டர்னியன் என்பதில் அலகு என்ற அடைமொழி இதைத்தான் குறிக்கிறது. திருப்பமே இல்லாத நிலை (1, 0, 0, 0). z அச்சைச் சுற்றி 90 டிகிரி என்றால் (0.7071, 0, 0, 0.7071).

இரண்டு திருப்பங்களைச் சேர்க்க இரண்டு குவாட்டர்னியன்களைப் பெருக்க வேண்டும். அதற்கு i, j, k என்ற மூன்று குறிகளின் பெருக்கல் விதி மட்டும் போதும்: ij = k, jk = i, ki = j. வரிசையை மாற்றிப் பெருக்கினால் விடையின் குறி எதிராகும். எதையும் தன்னோடு பெருக்கினால் −1. டப்ளினில் ஹாமில்டன் 1843 அக்டோபர் 16 அன்று கால்வாய்க் கரையோரம் மனைவியோடு நடந்துபோகையில் இது பிடிபட்டு, பிரூம் பாலத்தின் கல்லில் கீறிவைத்தார். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் மூன்று எண்களை வைத்துக்கொண்டே பெருக்கல் விதி தேடினார். அது அமையவில்லை, நான்காவது தேவைப்பட்டது. நியாயமாகப் பார்த்தால், திருப்பங்களைப் பாதிக் கோணங்களால் இணைக்கும் கணக்கை ஒலிண்டே ரோட்ரிக்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1840-லேயே அச்சிட்டிருந்தார். பாலம் கிடைத்தவருக்குப் பெயரும் கிடைத்தது.

ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வையுங்கள். படம் போட்ட பக்கம் மேலே இருக்கட்டும். x அச்சு உங்கள் வலப்பக்கம், y உங்களைவிட்டு விலகும் திசை, z மேலே. மூன்றும் அறையோடு கட்டப்பட்டவை. பெட்டியோடு சேர்ந்து திரும்புபவை அல்ல. முதலில் z-ஐச் சுற்றி 90 டிகிரி: மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக. பிறகு x-ஐச் சுற்றி 90 டிகிரி: தொலைவில் உள்ள விளிம்பு மேலே எழும்பும்படி. இப்போது படம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். கணக்கில், பின்னால் செய்யும் திருப்பத்தை இடப்பக்கம் எழுத வேண்டும்:

```
(1 + i)/√2 * (1 + k)/√2
  = (1 + i + k + ik)/2
  = (1 + i - j + k)/2
```

அதாவது w = ½, x = ½, y = −½, z = ½. பாதிக் கோணத்தின் கொசைன் ½ என்றால் பாதிக் கோணம் 60, முழுக் கோணம் 120. அச்சு (1, −1, 1) என்ற மூலைவிட்டத் திசை. இரண்டு 90 டிகிரித் திருப்பங்கள் சேர்ந்து 180 ஆகவில்லை. எதிர்பாராத ஓர் அச்சைச் சுற்றி 120 ஆகியிருக்கின்றன. பெட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அந்த மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் விரல்களால் பிடித்து ஒரே சுழற்றில் கொண்டுபோய்ப் பார்த்தால் நம்புவீர்கள்.

வரிசையை மாற்றுங்கள்: முதலில் x, பிறகு z. இம்முறை படம் உங்களைப் பார்க்காது, வலப்பக்கம் பார்க்கும். கணக்கில் ik இருந்த இடத்தில் ki வருகிறது. −j இருந்த இடத்தில் +j. விடை (½, ½, ½, ½). ஒரே ஒரு கழித்தல் குறிதான் வித்தியாசம். திருப்பங்களில் வரிசை முக்கியம் என்ற உண்மையைக் குவாட்டர்னியன் அந்த ஒரு குறியில் ஏந்திக்கொள்கிறது.

பாதிக் கோணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலான பாடநூல்கள் சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு நழுவிவிடும் இடம் இது. z அச்சைச் சுற்றித் திருப்ப q = cos α + k sin α என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, x திசையில் உள்ள i-யை இடப்பக்கமிருந்து மட்டும் பெருக்குங்கள். விடை i cos α + j sin α. அருமை, α அளவு திரும்பிவிட்டது, பாதி எதற்கு என்று தோன்றும். இப்போது z திசையிலேயே இருக்கும் k-யைப் பெருக்கிப் பாருங்கள். அச்சின் மேலேயே கிடப்பது அசையக்கூடாது. ஆனால் விடையாக k cos α − sin α வருகிறது. அந்த − sin α ஒரு வெறும் எண். அது எந்தத் திசையும் அல்ல. முப்பரிமாணத்துக்குள் இருக்க வேண்டியது நான்காவது பரிமாணத்துக்குள் வழிந்துவிட்டது.

அந்த வழிசலை நிறுத்த, வலப்பக்கத்திலிருந்து q-வின் இணையால், அதாவது cos α − k sin α என்பதால் பெருக்குகிறோம். k மறுபடி k ஆகிவிடுகிறது. ஆனால் i மீது அந்த வலப்பக்கப் பெருக்கல் இன்னொரு α திருப்பத்தைச் சேர்க்கிறது, மொத்தம் 2α. இடப்பக்கம் பாதி வேலை, வலப்பக்கம் பாதி வேலை. ஆகவே 90 டிகிரி வேண்டுமானால் ஒவ்வொரு பக்கமும் 45 கொடுக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

காமிரா ஊர் சுற்றுவதற்கும் இதே பாதிக் கோணம்தான் காரணம். இரு பக்கமும் q பெருக்கப்படுவதால், q-வின் நான்கு எண்களையும் குறி மாற்றிப் போட்டாலும் இரண்டு கழித்தல் குறிகள் அடிபட்டுப்போகும். q, −q இரண்டும் ஒரே நிலையைச் சொல்கின்றன. z-ஐச் சுற்றி 10 டிகிரி என்பதை (0.9962, 0, 0, 0.0872) என்றும் எழுதலாம், (−0.9962, 0, 0, −0.0872) என்றும் எழுதலாம். உங்கள் காமிரா (1, 0, 0, 0) இலிருந்து கிளம்புகிறது. முதல் வடிவத்தை நோக்கிப் போனால் 10 டிகிரிப் பயணம். இரண்டாவதை நோக்கிப் போனால் எதிர்த்திசையில் 350 டிகிரி. இரண்டு நிலைகளுக்கு நடுவே சீரான வேகத்தில் நகர்த்தும் ஸ்லெர்ப் என்ற முறையைக் கென் ஷூமேக் 1985-இல் அசைபடக்காரர்களுக்காக எழுதிக்கொடுத்தார். அதை அழைப்பதற்கு முன் இரண்டையும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை எதிர்மம் என்றால் ஒன்றின் குறியை மாற்றிவிடுங்கள்:

```
if dot(q1, q2) < 0:
    q2 = -q2
```

சில நூலகங்கள் இதைத் தாமே செய்துவிடும், சில செய்யாது. காமிரா பெரும்பாலும் நேர்வழியில் போய், எப்போதாவது மட்டும் நீள்வழியில் போனால் இந்த வரி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

விமானத்தைத் திருப்பும் உங்கள் பகுதியை இப்படி மாற்றுங்கள்:

```
h  = rate * dt / 2      # ரேடியனில்
dq = (cos(h), 0, sin(h), 0)
q  = normalize(q * dq)
```

இதில் பிட்ச் என்ற எண்ணே கிடையாது. விமானத்தின் ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனிக்குப் போகும் அச்சு y. அதைச் சுற்றிய சிறு திருப்பம் dq. அதை வலப்பக்கம் பெருக்குவதால் அது விமானத்தின் சொந்த அச்சாகிறது. இடப்பக்கம் பெருக்கினால் உலகத்தின் அச்சாகிவிடும். விமானம் ஒருக்களித்திருக்கும்போது குச்சியை இழுத்தால் மூக்கு தவறான பக்கம் போவதை வைத்து அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கலாம். மூக்கு 90-ஐத் தாண்டும்போது இங்கே விசேஷமாக எதுவும் நடப்பதில்லை. தாண்டிவிட்டது என்பதுகூட நிரலுக்குத் தெரியாது.

கடைசி வரியில் உள்ள normalize-ஐ வேகத்துக்காக எடுத்துவிடாதீர்கள். மேலே உள்ள வடிவத்தில் நீளம் 1-இலிருந்து விலகுவது மிக மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் பலர் கொசைன், சைன் வேண்டாமென்று dq-வுக்குப் பதில் (1, 0, h, 0) என்று போடுவார்கள். நொடிக்கு 200 டிகிரி வேகத்தில், நொடிக்கு 100 முறை இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் நீளம் 1.00015 மடங்காகிறது. அற்பம்தான். ஒரு நிமிடத்தில் அது 6000 முறை பெருகி, q-வின் நீளம் ஏறக்குறைய 2.5 ஆகிவிடும். q இரு பக்கமும் பெருக்கப்படுவதால் விமானம் அதன் வர்க்கமாக, 6 மடங்குக்கு மேல் ஊதி நிற்கும். திரையில் பொருள் மெல்ல மெல்லப் பெருத்தாலோ, அணியாக மாற்றிப் பயன்படுத்தும்போது கோணலாக இழுபட்டாலோ, நான்கு எண்களின் வர்க்கக் கூட்டுத்தொகையைத்தான் முதலில் அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.

நீளம் சரியாக இருந்தும் ஆரம்பத்திலேயே பொருள் தலைகீழாக நின்றால், எண்களின் வரிசையைப் பாருங்கள். சில நூலகங்கள் w-வை முதலில் வைக்கும். யூனிட்டி, ராஸ் போன்றவை x, y, z, w என்று கடைசியில் வைக்கும். திருப்பமில்லாத (1, 0, 0, 0)-ஐ மற்ற வரிசையில் படித்தால் x = 1, w = 0; அது x அச்சைச் சுற்றி 180 டிகிரி.

கோணங்களை அடியோடு துரத்திவிடச் சொல்லவில்லை. விமானியின் முகப்பில் காட்டுவதற்கு யா, பிட்ச், ரோல்தான் வேண்டும், 0.7071 என்று காட்டினால் யாருக்கும் புரியாது. காட்டுவதற்காக மட்டும் to_euler-ஐ அழையுங்கள். வந்த விடையை q-வுக்குள் திரும்ப விடாதீர்கள். தரையில் மட்டும் ஓடும் வண்டிக்கு ஒரு கோணமே போதும், அதற்குப் போய் நான்கு எண் சுமப்பது வீண். இன்னொரு வரம்பும் உண்டு: குவாட்டர்னியனுக்குச் சுற்று எண்ணத் தெரியாது. 370 டிகிரி திரும்பிய பொருளும் 10 டிகிரி திரும்பிய பொருளும் அதற்கு ஒரே நிலைதான். நாளை நீங்கள் எந்திரக் கை ஒன்றுக்கு நிரல் எழுதி, அதன் மூட்டு வழியாக ஒரு கம்பி போகிறது என்றால், அந்தக் கம்பி எத்தனை முறுக்கு ஏறியிருக்கிறது என்பதை மூட்டுக் கோணத்தைத் தனியாகக் கூட்டிவைத்துத்தான் அறிய முடியும்.